ஏ4 பி.டி.எஃப்-ஐப் பெரிய எழுத்துப் பிரதியாக்குவது

கேள்வி: அம்மாவுக்கு 76 வயது. அவர் படிக்க ஆசைப்படும் 48 பக்க பி.டி.எஃப் ஒன்று இருக்கிறது. ஏ4 அளவு, எழுத்து ரொம்பச் சின்னது. பிரிண்டரில் 150% வைத்தால் ஓரம் வெட்டுப்படுகிறது. காப்பி செய்து வேர்டில் போட்டால் ஆங்கில எழுத்துக் குப்பையாக வருகிறது. பெரிய எழுத்தில் ஒரு பிரதி எடுத்துக் கொடுக்க என்ன வழி?

பதில்:

பக்கத்தைக் குறுக்காக மூன்று துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் படுக்கைவாட்டில் வைத்த ஒரு ஏ4 தாள் முழுக்க விரித்து அச்சடியுங்கள். எழுத்து ஏறக்குறைய 1.7 மடங்கு ஆகும். 11 பாயிண்டில் இருந்த எழுத்து 18 பாயிண்டைத் தாண்டிவிடும். முதியவர்களுக்கான பெரிய எழுத்து அச்சு என்று பொதுவாகச் சொல்லப்படுவதும் 16, 18 பாயிண்டிலிருந்துதான் தொடங்குகிறது. உங்கள் கோப்பு பழைய எழுத்துருவில் இருப்பதால் எனக்கு இந்த வழிதான் முதலில் தோன்றுகிறது. எழுத்தைப் பிரித்தெடுத்து மறுபடி அடுக்குகிற இன்னொரு வழியும் உண்டு, அதைக் கடைசிக்கு முன்னால் சொல்கிறேன்.

பி.டி.எஃப்-க்குள் ஒவ்வொரு எழுத்தும் தாளில் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று ஆணி அடித்து வைக்கப்பட்டிருக்கிறது. வேர்டில் எழுத்துருவைப் பெரிதாக்கினால் வரி தானாக மடிந்து அடுத்த வரிக்குப் போகும். இங்கே அது நடக்காது. பெரிதாக்கினால் பக்கம் முழுவதும் சேர்ந்துதான் பெரிதாகும். ஏ4 தாளின் அகலம் 595 பாயிண்ட் (ஓர் அங்குலத்தை 72 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு பாயிண்ட்). 150% என்றால் அந்தப் பக்கத்துக்கு 890 பாயிண்டுக்கு மேல் அகலம் வேண்டும். தாளோ 595-லேயே நிற்கிறது. அதனால்தான் ஓரம் போனது.

ஆனால் அந்த வெட்டுப்பட்ட அச்சைத் தூக்கிப் போட வேண்டாம். எவ்வளவு பெரிதாக்க வேண்டும் என்று கண்டுபிடிக்க அதைவிட நல்ல கருவி கிடையாது. எழுத்து நெருக்கமாக இருக்கும் ஒரு பக்கத்தை எடுத்து, அச்சுப் பெட்டியில் Custom Scale என்ற இடத்தில் 130, 150, 170, 190 என்று நான்கு முறை அடியுங்கள். ஓரம் போனாலும் பரவாயில்லை, நடுவில் இருப்பது போதும். நான்கையும் அம்மா வழக்கமாக உட்காரும் இடத்தில், வழக்கமாகப் படிக்கும் நேரத்து வெளிச்சத்தில், அவருடைய வழக்கமான கண்ணாடியோடு கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வயதானவர்கள் பழகிய வாக்கியத்தை எழுத்து தெரியாமலேயே வாசித்துவிடுவார்கள். பாதிச் சொல் கண்ணில் பட்டால் மீதியை மனம் நிரப்பிவிடும். ஊகிக்க முடியாத இடங்களில்தான் உண்மை தெரியும். ஆள் பெயர், ஊர்ப் பெயர், எண் இவை உள்ள வரிகளை வாசிக்கச் சொல்லுங்கள். தமிழில் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்தின் மேலுள்ள புள்ளி. அடுத்து, ‘ெ’ என்பதையும் ‘ே’ என்பதையும் பிரிக்கிற அந்தச் சின்னச் சுழி. அதற்கடுத்து ‘ண’, ‘ன’ இரண்டுக்கும் உள்ள ஒரு சுழி வித்தியாசம். ‘கெ’ என்பதைக் ‘கே’ என்று வாசித்துத் திரும்பி வந்தால் அந்த அளவு அவருக்குப் போதவில்லை என்று பொருள். வாசிக்க முடிகிற மிகச் சிறிய அளவைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரு வரியை வாசிப்பது வேறு, அரை மணி நேரம் தொடர்ந்து வாசிப்பது வேறு. 150-ல் தட்டுத் தடுமாறி வாசித்தால் 170-ஐ எடுங்கள்.

170 என்று முடிவாகிறது என்று வைத்துக்கொண்டே மேலே போகிறேன்.

எல்லோருக்கும் உடனே தோன்றும் வழி, சுற்றியுள்ள வெற்று ஓரத்தை வெட்டிவிட்டு எழுத்துப் பகுதியை மட்டும் தாள் முழுக்க விரிப்பது. புத்தக அளவில் சிறியதாக இருக்கும் கோப்புக்கு அது அருமையான வழி. ஏ5 பக்கத்தை ஏ4 தாளில் விரித்தாலே 1.41 மடங்கு கிடைத்துவிடும், ஓரத்தையும் வெட்டினால் 1.6 வரை போகும். உங்கள் கோப்பு ஏற்கெனவே ஏ4. ஓர் அங்குல ஓரம் விட்ட ஏ4 பக்கத்தில் எழுத்துப் பகுதி 450 பாயிண்ட் அகலம் இருக்கும். பிரிண்டருக்கும் பைண்டிங்குக்கும் இடம் விட்டால் நமக்குக் கிடைப்பது 510 பாயிண்ட். 1.13 மடங்குதான். 11 பாயிண்ட் 12.4 ஆகும். அம்மா வித்தியாசத்தைக் கவனிக்கக்கூட மாட்டார்.

அடுத்துத் தோன்றுவது ஏ3 தாள். அதில் 1.41 மடங்கு கிடைக்கும், 170 தேவைப்படுகிறவருக்கு அதுவும் போதாது. அதைவிடப் பெரிய தொந்தரவு தாளின் உயரம். 42 சென்டிமீட்டர் உயரமான தாளின் மேல் வரியை வாசிக்கும்போது அது கண்ணிலிருந்து தள்ளிப் போய்விடும், கீழ்வரி மடியில் கிடக்கும். இரண்டுக்கும் ஒரே கண்ணாடி சரிப்படாது. ஏ3-இல் எடுத்துக் கொடுத்தவை மேசையிலேயே கிடப்பதைத்தான் பார்த்திருக்கிறேன்.

ஏ4 தாளையே படுக்கைவாட்டில் திருப்பினால் அகலம் 842 பாயிண்ட் ஆகிவிடுகிறது. நமக்குக் குறையாக இருந்தது அகலம்தான், அதனால் இங்கேதான் வழி திறக்கிறது. உயரம் 595 ஆகக் குறைவதால் ஒரு பக்கத்தைத் துண்டாக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். இரண்டு துண்டாக்கினால் உயரம் தடுத்துவிடும், 1.43 மடங்குக்கு மேல் போகாது. மூன்று துண்டாக்கினால் உயரம் தாராளமாக இருக்கும், அகலம் அனுமதிக்கிற 1.69 மடங்கு முழுதாகக் கிடைக்கும். அம்மாவுக்கு 140 போதும் என்றால் இரண்டு துண்டு, 170 வேண்டும் என்றால் மூன்று.

செய்முறைக்கு வருவோம். கட்டளை தட்டத் தயக்கம் இல்லை என்றால் `gs`, `pdfcrop`, `pdfjam`, `qpdf` என்ற நான்கு இலவசக் கருவிகள் போதும். நடுவில் உள்ள இரண்டும் TeX Live தொகுப்போடு வரும். `gs` என்பது Ghostscript என்ற பெயரில் கிடைக்கும், அதையும் `qpdf`-ஐயும் தனியாக நிறுவிக்கொள்ளலாம். லினக்ஸிலும் மேக்கிலும் கீழே உள்ளபடியே வேலை செய்யும். விண்டோஸில் `gs` என்பதற்குப் பதில் `gswin64c` என்று தட்ட வேண்டும், `pdfjam` அங்கே நேரடியாக ஓடாது. அதனால் விண்டோஸ்காரர்களுக்கு நான் பின்னால் சொல்லும் Briss வழி சுலபம்.

முதலில் எழுத்து எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

```
gs -q -dBATCH -dNOPAUSE -sDEVICE=bbox amma.pdf
```

ஒவ்வொரு பக்கத்துக்கும் இப்படி ஒரு வரி வரும். அதன் கூடவே தசம எண்களோடு இன்னொரு வரியும் வரும், அதை விட்டுவிடலாம்.

```
%%BoundingBox: 71 40 524 771
```

நான்கு எண்களும் இடது, கீழ், வலது, மேல் என்ற வரிசை. பக்கத்தின் இடது கீழ் மூலையிலிருந்து பாயிண்டில் அளந்தது. இந்தப் பக்கத்தில் எழுத்து இடதுபுறம் 71-இல் தொடங்கி வலதுபுறம் 524-இல் முடிகிறது. கீழே 40-இல் இருப்பது பக்க எண், மேலே 771-இல் முதல் வரி. 48 பக்கத்துக்கும் வரும் எண்களை ஒரு முறை கண்ணால் ஓட்டுங்கள். இடது எண்களில் மிகச் சிறியதையும் வலது எண்களில் மிகப் பெரியதையும் எடுத்துக்கொள்ளுங்கள். சில கோப்புகளில் முதல் எண் 71, 85, 71, 85 என்று மாறி மாறி வரும். பைண்டிங்குக்காக ஒற்றைப்படைப் பக்கமும் இரட்டைப்படைப் பக்கமும் எதிரெதிராகத் தள்ளி வைக்கப்பட்டிருக்கின்றன என்று அர்த்தம். இரண்டையும் உள்ளடக்கும் பெட்டியை எடுத்தால் போதும், கொஞ்சம் அகலம் வீணாகும், வேறு கெடுதல் இல்லை.

எல்லாப் பக்கத்துக்கும் ஒரே பெட்டி என்பதை விட்டுக்கொடுக்கக் கூடாது. பெட்டி எதுவும் சொல்லாமல் `pdfcrop` கொடுத்தால் அது ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியாக, அதிலுள்ள எழுத்தைத் தொட்டு வெட்டும். பிறகு அவற்றைத் தாளுக்கு விரிக்கும்போது முழு வரி உள்ள பக்கம் 1.7 மடங்கு ஆகும், குட்டை வரியாகச் செய்யுள் உள்ள பக்கம் மூன்று மடங்கு ஆகும், புத்தகத்தின் பெயர் மட்டும் உள்ள முதல் பக்கத்தில் எழுத்து கட்டைவிரல் அளவுக்கு வரும். பக்கத்துக்குப் பக்கம் எழுத்து துள்ளினால் வாசிக்கிறவர் தாளை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும்.

சுற்றிலும் ஏறக்குறைய 5 பாயிண்ட் சேர்த்து நம் பெட்டியை இடது 66, வலது 530, கீழ் 36, மேல் 776 என்று வைத்துக்கொள்வோம். அகலம் 464, உயரம் 740. இதை மூன்றாக்க வேண்டும். சரிசமமாக வெட்டினால் கத்தி ஏதாவது ஒரு பக்கத்தில் வரியின் நடுவே இறங்கிவிடும். மேல் பாதி ஒரு தாளிலும் கீழ்ப் பாதி அடுத்த தாளிலுமாக அந்த வரி போய்விடும். தலைப்பும் பத்தி இடைவெளியும் பக்கத்துக்குப் பக்கம் மாறுவதால், 48 பக்கத்துக்கும் வரிக்கு இடையில் விழும் ஒரே வெட்டு என்று ஒன்று அமையவே அமையாது. அதனால் துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று இரண்டு வரி அளவுக்கு ஏறி நிற்க வேண்டும். இந்தக் கோப்பில் வரிக்கு வரி தூரம் 16 பாயிண்ட், ஆக 32 பாயிண்ட் ஏற்றம். ஒவ்வொரு துண்டும் 268 பாயிண்ட் உயரம் வரும்.

```
pdfcrop --bbox "66 508 530 776" amma.pdf mel.pdf
pdfcrop --bbox "66 272 530 540" amma.pdf nadu.pdf
pdfcrop --bbox "66 36 530 304" amma.pdf keezh.pdf
```

முதல் துண்டு 508-இல் முடிகிறது, இரண்டாவது 540-இல் தொடங்குகிறது. அந்த 32 பாயிண்ட் இரண்டிலும் இருக்கும். ஒரு துண்டின் விளிம்பில் வெட்டுப்படும் வரி அடுத்த துண்டில் முழுதாக வந்துவிடும். பிறகு மூன்று கோப்பையும் மேல், நடு, கீழ் என்று மாறி மாறிக் கோத்து, படுக்கைவாட்டு ஏ4-இல் விரிக்க வேண்டும்.

```
qpdf --empty --collate --pages mel.pdf nadu.pdf keezh.pdf -- ellam.pdf
pdfjam --paper a4paper --landscape --scale 0.93 --outfile periya.pdf ellam.pdf
```

464 பாயிண்ட் அகலத்தை 842-க்கு விரித்தால் 1.81 மடங்கு வரும். ஆனால் வீட்டுப் பிரிண்டர்களில் பெரும்பாலானவை தாளின் விளிம்பு வரை அச்சடிக்காது. அதற்காகத்தான் 0.93. இரண்டு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் ஓரம் விட்டு 1.69 மடங்கில் நிற்கும். `periya.pdf` கோப்பில் 144 பக்கம் இருக்கும்.

Briss என்ற இலவசச் செயலி இதையே சுட்டியால் செய்ய விடுகிறது. அது ஒரே மாதிரியான பக்கங்களை எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே நிழற்படம்போலக் காட்டும். 48 பக்கத்தின் எழுத்தும் எங்கே வரை நீள்கிறது என்று கண்ணுக்கே தெரியும். அதன்மேல் மூன்று பெட்டி வரைந்து வெட்டச் சொன்னால் ஒரு பக்கம் மூன்று பக்கமாக வரும். ஜாவா நிறுவியிருக்க வேண்டும். கையால் வரைவதால் மூன்று பெட்டியின் இடது, வலது விளிம்புகள் ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றனவா, ஒன்றுக்கொன்று இரண்டு வரி ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். வெட்டிய கோப்பில் முதல் ஆறு பக்கத்தைப் புரட்டி வரிசை மேலிருந்து கீழாக வருகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அச்சடிக்கும்போது Landscape, Fit இரண்டையும் தேர்ந்தெடுத்தால் போதும்.

`pdfjam` வழியில் வந்தவர்கள் அச்சுப் பெட்டியில் Fit வைக்கக் கூடாது, Actual size வைக்க வேண்டும். ஏனென்றால் ஓரத்தை நாம் ஏற்கெனவே விட்டாயிற்று. Fit என்பது அதற்கு மேலும் சில சதவீதம் சத்தமில்லாமல் சுருக்கிவிடக்கூடும். சரியாக வந்ததா என்று பார்க்க ஒரு அடிக்கோல் போதும். மூலக் கோப்பை 100 சதவீதத்தில் அடித்தால் ஒரு முழு வரி 16 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். புதிய பிரதியில் அதே வரி 27 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். 25 அல்லது 26 இருந்தால் எங்கோ சுருங்கியிருக்கிறது.

இரண்டு வரி திரும்ப வருவதை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் என் பெரியம்மாவுக்கு முதல் முறை இப்படி எடுத்துக் கொடுத்தபோது சொல்ல மறந்துவிட்டேன். ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால், ஒவ்வொரு தாளின் முதல் இரண்டு வரியையும் பென்சிலால் அடித்து வைத்திருந்தார். "இரண்டிரண்டு தடவை அச்சாகியிருக்குப்பா, கடைக்காரன் ஏமாத்திட்டான் போல" என்றார். அதன்பிறகு அச்சடித்த தாளில் முந்தைய துண்டில் முழுதாக வந்துவிட்ட வரிகளின் பக்கத்தில் ஓரமாக ஒரு செங்குத்துக் கோடு போட்டுவிடுகிறேன். கோட்டுக்குக் கீழே இருந்து வாசித்தால் போதும் என்று அவருக்குப் பழகிவிட்டது.

பழைய பக்க எண் மூன்றாவது துண்டில் மட்டும்தான் வரும். அச்சிட்ட தாள்கள் கை தவறி விழுந்தால் அடுக்குவது பெரும்பாடு. தாளின் மேல் மூலையில் தடித்த பேனாவால் 12-அ, 12-ஆ, 12-இ என்று எழுதிவிடுங்கள். பொருளடக்கத்தில் 12-ஆம் பக்கம் என்று இருந்தால் அம்மா நேராக அங்கே போகலாம்.

அட்டவணையும் படமும் உள்ள பக்கங்கள் துண்டானால் அர்த்தம் இழந்துவிடும். அவற்றை மட்டும் தனியாக ஏ3-இல் அடித்து மடித்து வைப்பதுதான் சரி.

உங்கள் கோப்பு ஸ்கேன் செய்ததா, எழுத்தாகவே உள்ளதா என்றும் பார்க்க வேண்டும். காப்பி செய்யும்போது ஏதோ எழுத்து வருகிறது என்பதால் ஸ்கேன் இல்லை என்றே நினைக்கிறேன், ஆனாலும் திரையில் 400 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். விளிம்பு வழவழப்பாக இருந்தால் எத்தனை மடங்கு பெரிதாக்கினாலும் தெளிவு குறையாது. படிக்கட்டுபோல் தெரிந்தால் அது ஸ்கேன். அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்து எடுத்த ஸ்கேன் 1.7 மடங்கில் 176 புள்ளியாகும், அது வாசிக்கத் தாங்கும். 150-இல் எடுத்தது 88 ஆகிவிடும். மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தோடு ஒட்டி அழுக்காகத் தெரியும். அந்த மாதிரிக் கோப்பை எத்தனை பெரிதாக்கினாலும் பலன் இல்லை, மறுபடி நன்றாக ஸ்கேன் எடுப்பதுதான் வழி. ஸ்கேனில் முழுப் பக்கமும் ஒரே படம் என்பதால் `gs` சொல்லும் எண்களும் பக்கத்தின் ஓரத்தையே காட்டும். அங்கே Briss-இல் கண்ணால் பார்த்து வரைவதுதான் வசதி.

இந்த வழியில் ஒரு குறை உண்டு, மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு வரியில் முன்பு எத்தனை எழுத்து இருந்ததோ அத்தனையும் அப்படியே இருக்கும், வரி மட்டும் 27 சென்டிமீட்டர் நீளமாகிவிடும். வரியின் முடிவுக்குப் போய்விட்டு அடுத்த வரியின் தொடக்கத்தைத் தேடிப் பிடிக்கச் சிலர் சிரமப்படுவார்கள். ஒரே வரியைத் திரும்ப வாசிப்பதோ ஒரு வரியைத் தாண்டிவிடுவதோ இதன் அடையாளம். கறுப்பு அட்டையில் 30 சென்டிமீட்டர் நீளப் பட்டை ஒன்று வெட்டிக் கொடுத்து, வாசிக்கும் வரியின் கீழே வைத்து இறக்கிக்கொண்டே வரச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். ஆகவில்லை என்றால் எழுத்தைப் பிரித்தெடுத்து மறுபடி அடுக்க வேண்டியதுதான்.

அங்கேதான் நீங்கள் சொன்ன ஆங்கிலக் குப்பை குறுக்கே வருகிறது. யூனிகோடு பரவலாவதற்கு முன்பு தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்திருந்தன. உதாரணமாகப் பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்பது உள்ளுக்குள் `jkpo;` என்றுதான் இருக்கும். அந்த எழுத்துரு இருக்கும் வரை கண்ணுக்குத் தமிழ். காப்பி செய்து வேறு எழுத்துருவில் ஒட்டினால் உள்ளே இருந்தது வெளியே வந்துவிடும். கோப்பின் Properties-இல் Fonts என்ற பகுதியைத் திறந்தால் எழுத்துருவின் பெயர் தெரியும். அந்த வகைக்கு உரிய யூனிகோடு மாற்றியில் போட்டால் நல்ல தமிழாகத் திரும்பிவிடும். வகை தவறாக இருந்தால் தமிழ் எழுத்தாகவே வரும், ஆனால் ஒரு சொல்கூடச் சொல்லாக இருக்காது. யூனிகோடிலேயே செய்த பி.டி.எஃப்-களிலும் ஒரு தொல்லை உண்டு. கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்து வெளியே வருவதால், கொம்பு தன் எழுத்தை விட்டு முந்தைய எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். ‘கொ’ என்பதன் கொம்பு முன்னாலும் கால் பின்னாலுமாகச் சிதறி நிற்கும்.

மாற்றிய எழுத்தை லிப்ரே ஆபீஸிலோ வேர்டிலோ போட்டு 18 அல்லது 20 பாயிண்ட், ஒன்றரை வரி இடைவெளி, வலது ஓரத்தை நேராக்காமல் இடப்புறம் மட்டும் சேர்த்து அமைத்தால் நிமிர்ந்த ஏ4 தாளிலேயே வரி 17 சென்டிமீட்டரில் அடங்கிவிடும். வாசிப்பதற்கு மூன்று துண்டு முறையைவிட இது சுகமானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் 48 பக்கத்தையும் மூலத்தோடு வைத்து வரி வரியாகச் சரிபார்க்க வேண்டும், அதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். மருந்தின் அளவு, கணக்கு, சட்டம், பாராயணம் என்று ஓர் எழுத்தும் பிசகக் கூடாத விஷயமாக இருந்தால் நான் பிரித்தெடுக்கவே மாட்டேன், பக்கத்தை வெட்டிப் பெரிதாக்குவதோடு நின்றுவிடுவேன். அதில் எழுத்து மாற வழியே இல்லை. தாள் குறையும் என்று நினைத்தும் இந்த வழிக்குப் போக வேண்டாம். 11 பாயிண்ட் 18 ஆனால் அகலம், உயரம் இரண்டும் 1.6 மடங்காகி, பரப்பு 2.7 மடங்காகிவிடும். 48 பக்கம் எப்படியும் 130-ஐத் தொடும்.

டேப்லெட்டில் படிக்கக் கொடுக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். 10 அங்குல டேப்லெட்டைப் படுக்கைவாட்டில் பிடித்தால் திரை அகலம் 21 அல்லது 22 சென்டிமீட்டர். வெட்டிய துண்டு அதில் முழுதாக விரிந்தாலும் 1.3 மடங்குதான், 14 பாயிண்ட் சுற்றளவில் நின்றுவிடும். 170 தேவைப்படும் அம்மாவுக்குத் தாள்தான் சரி.

தாள் பளபளப்பாக இருக்கக் கூடாது, விளக்கு வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பும். 80 ஜிஎஸ்எம் சாதாரணத் தாள் போதும், ஆனால் ஒரு பக்கம் மட்டும் அச்சடியுங்கள். இரண்டு பக்கமும் அடித்தால் பின்பக்க எழுத்து நிழலாகத் தெரியும். நல்ல பார்வை உள்ளவருக்கு அது கண்ணில்கூடப் படாது, மங்கலாகத் தெரிகிறவருக்குப் புள்ளிகளோடு கலந்து குழப்பும். மூலத்தில் எழுத்து சாம்பல் நிறமாக இருந்தால் முழுக் கறுப்பாக அச்சடிக்கும் வசதி உங்கள் பிரிண்டரில் இருக்கிறதா என்று பாருங்கள்.

144 தாள் என்றால், ஒரு தாள் 5 கிராம் வீதம், 720 கிராம். ஒரே கட்டாகப் பைண்டிங் செய்தால் கை வலித்து மூடி வைத்துவிடுவார். 16 பக்கத்துக்கு ஒரு புத்தகம் என்று மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் 48 தாள், 240 கிராம். பைண்டிங் கடையில் சுருள் கம்பியைத் தாளின் இடது பக்கத்தில் போட விடாதீர்கள். அகலத்தில் நம்மிடம் ஒரு சென்டிமீட்டர் ஓரம்தான் இருக்கிறது, துளை போட்டால் வரியின் முதல் எழுத்தைத் தின்றுவிடும். உயரத்தில் மேலும் கீழும் தலா 2.5 சென்டிமீட்டர் சும்மா கிடக்கிறது. மேல் விளிம்பில், மேசை நாட்காட்டியைப் போல மேல்நோக்கிப் புரட்டும்படி சுருள் போடச் சொல்லுங்கள். கீழே மிச்சமிருக்கும் வெற்று இடம் அம்மா கட்டைவிரல் வைத்துப் பிடித்துக்கொள்ள உதவும்.